நான் போகாமலேயே ஜிஎஸ்டி ஆணை போட்டுவிட்டார்கள், ரத்து செய்ய முடியுமா?

"டெல்லியில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ் வந்ததே எனக்குத் தெரியாது. நான் இல்லாமலேயே வரி கட்டச் சொல்லி ஆணை போட்டிருக்கிறார்கள். இதை எப்படி ரத்து செய்வது? என்ன காரணம் சொன்னால் ஏற்பார்கள்?"

முடியும். ஆனால் எங்கே போய்க் கேட்பது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கரோல் பாகில் பல வருடங்களாக வரி ஆலோசகர் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி ஆணையோடு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "அந்த அதிகாரியிடமே போய், நான் வரவில்லை, மறுபடி விசாரியுங்கள் என்று சொன்னால் ஆகாதா சார்?" என்பதுதான்.

ஆகாது. சிவில் கோர்ட்டில் எதிராளி இல்லாமல் தீர்ப்பு சொன்னால், அதே கோர்ட்டில் முப்பது நாளுக்குள் மனு போட்டு அதை நீக்கலாம். ஜிஎஸ்டி சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. அதிகாரிக்கு இருப்பது 161-ஆம் பிரிவு மட்டும். ஆணையைப் பார்த்தாலே தெரிகிற பிழையைத் திருத்தலாம். நோட்டீஸ் கிடைக்கவில்லை என்பதை அவர் அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இந்த மனுவைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, மேல்முறையீட்டுக் கெடுவைக் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு ஆணை கிடைத்ததிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. தகராறில் இருக்கும் வரியில் பத்து சதவீதம் முதலில் கட்ட வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம்: மேல்முறையீட்டு அதிகாரி வழக்கைக் கீழே திருப்பி அனுப்ப முடியாது, 107(11) அதைத் தடுக்கிறது. அதனால் "மறுபடி விசாரிக்கச் சொல்லுங்கள்" என்று அவரிடம் கேட்பதில் பயனில்லை. ஆனால் முன்பு தர முடியாமல் போன ஆவணங்களை, தக்க காரணம் சொன்னால், விதி 112-இன்படி அவரே வாங்கிப் பார்க்கலாம். உங்கள் பதில் வெறும் பில்லும் சான்றிதழுமாக இருந்து, கெடுவும் மீதம் இருந்தால் மேல்முறையீடே போதும். கெடு போய்விட்டால், அதிகாரியின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுதான்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர், அப்பளம், காப்பித்தூள், பாத்திரம் விற்கிறார். 2024 ஜூனில் சப்ளையருக்குக் கொடுத்த செக் திரும்பி வந்தது. வங்கியில் கேட்டால், வரித்துறை கணக்கை முடக்கியிருக்கிறது என்றார்கள். ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்தோம். 2023 டிசம்பர் 29 தேதியிட்ட, வரி கட்டச் சொல்லும் DRC-07 ஆணை. 2017-18-க்கு, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவை அதிகமாக எடுத்ததாகச் சொல்லி ரூ.3,12,000 வரி, அதன்மேல் வட்டி, அபராதம். மேல்முறையீட்டுக்கான நான்கு மாதமும் எப்போதோ தாண்டியிருந்தது.

நோட்டீஸ் செப்டம்பரில் வந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் பார்க்கிற "View Notices and Orders" பக்கத்தில் அது இல்லை. "View Additional Notices/Orders" என்ற இன்னொரு பக்கத்தில் கிடந்தது. இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. அந்தச் சமயம் வந்த பல வழக்குகளில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைக் கவனித்திருக்கிறது. 2024 ஜனவரி 16-க்குப் பிறகு போர்ட்டலில் அந்தப் பக்கம் கண்ணில் படும்படி மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய நோட்டீஸ்களில் ஆணையை நீக்கி, புதிதாக விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் நோட்டீஸ் தேதி அதற்கு முன்னா பின்னா என்பதை முதலில் பாருங்கள். பின் என்றால் இந்த வாதத்துக்குப் பலம் குறைவு.

அவருக்கு இன்னொரு பிடியும் இருந்தது. நோட்டீஸில் நேரில் விசாரிக்கும் தேதி என்ற இடத்தில் NA என்று போட்டிருந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும், பாதகமாக ஆணை போடப் போகிறார்கள் என்றால் நேரில் சொல்ல வாய்ப்புத் தந்தாக வேண்டும் என்கிறது 75(4). "பதில் தரவில்லை, ஆகவே உறுதி செய்கிறேன்" என்று நாலு வரியில் முடித்திருந்தார்கள். இதேபோல, பதில் கொடுத்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் "திருப்தியில்லை" என்று முடித்த ஆணைகளும் நீதிமன்றத்தில் நிற்பதில்லை.

அரசு வக்கீல் 2020-இன் கிளாக்ஸோ தீர்ப்பை எடுத்துப் போடுவார். கெடு தாண்டியவரை ரிட்டில் சாதாரணமாக ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அதனால்தான் மனுவில் "தாமதத்தை மன்னியுங்கள்" என்று கெஞ்சுவதைவிட, "எனக்குச் சொல்ல வாய்ப்பே தரவில்லை" என்பதை முன்னால் நிறுத்த வேண்டும். ஆணை எந்தத் தேதியில், எப்படித் தெரிய வந்தது என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் நேராக எழுதுங்கள். இரண்டு பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட், வங்கிக் கடிதம் எல்லாம் இணைப்பாகப் போக வேண்டும். "மாதா மாதம் ரிட்டர்ன் போட உள்ளே போனாரே, பார்க்கவில்லையா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

அப்புறம், சொல்ல ஏதாவது இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். வெறும் கையோடு போனால் எதற்காக மறுபடி விசாரிப்பது என்று தோன்றும். அண்ணன் விஷயத்தில் ரூ.2,40,000 ஒரே சப்ளையருடையது. அவர் தன் விற்பனை ரிட்டர்னில் அதைக் காட்டாமல் விட்டதால், சப்ளையர்கள் காட்டியதை வைத்துப் போர்ட்டல் தயாரிக்கும் 2A பட்டியலில் வரவில்லை. 2017-18, 2018-19 ஆண்டுகளுக்கு 2022 டிசம்பரில் வந்த சுற்றறிக்கை 183-இன்படி, ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் அவருடைய சான்றிதழே போதும்; தாண்டினால்தான் பட்டயக் கணக்காளர் அல்லது செலவுக் கணக்காளர் சான்றிதழ் வேண்டும். சான்றிதழை முன்கூட்டியே வாங்கி மனுவோடு வைத்தோம்.

எடுபடாத காரணங்களும் உண்டு. "பழைய கணக்கர் சொல்லவில்லை" என்பது ரொம்பச் சாதாரணமாகச் சொல்லப்படுவது, தனியாக நிற்பது அரிது. முனிர்காவில் மெஸ் நடத்தும் ஒருவர் அதை மட்டும் நம்பிப் போனார். பதிவில் இருந்த மின்னஞ்சல் கணக்கருடையது. நோட்டீஸும் 2024 மே மாதம் வந்தது. மேல்முறையீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். முகவரி மாறியும் பதினைந்து நாளில் பதிவைத் திருத்தாதவர் நிலையும் அதேதான். உடல்நிலை என்றால், விசாரணைத் தேதியில் ஆஸ்பத்திரியில் இருந்ததைக் காட்டும் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். பொத்தாம்பொதுவான மெடிக்கல் சர்டிஃபிகேட் போதாது.

அண்ணனுக்கு ஆணை நீங்கியது, ஆனால் வரி அதோடு போய்விடவில்லை. பதில் தர முப்பது நாள் கொடுத்து, விசாரணை நோட்டீஸை மின்னஞ்சலிலும் கைபேசியிலும் அனுப்பச் சொன்னார்கள். மறு விசாரணையில் ரூ.2,40,000 போனது. மீதி ரூ.72,000 அவரே தவறாக எடுத்தது, அதை வட்டியோடு கட்டினார். கணக்கு முடக்கம் மட்டும் தானாக விலகவில்லை. நீதிமன்ற ஆணையின் நகலை வைத்து அதிகாரியிடம் கடிதம் வாங்கி, வங்கியில் நேரில் கொடுத்த பிறகுதான் செக் பாஸானது.