மங்கு எரியாது

டாக்டர், எனக்கு 42 வயது, பினாங்கு பாயான் பாருவில் இருக்கிறேன். மங்குக்காக நாலு வருஷமா ராத்திரி ஒரு கிரீம் பூசுறேன். சென்னையிலிருந்து வர்ற டியூப், இங்கே கடையிலேயே சீட்டு இல்லாம கிடைக்குது, 15 கிராம் ஒரு மாசம் வரும். நிறுத்தினா மூணாவது நாளே முகம் சிவந்து நெருப்பா எரியுது, மறுபடி போட்டா அடங்குது. இனி முகம் பழைய மாதிரி ஆகவே ஆகாதுன்னு நெட்ல போட்டிருக்கு. கல்லீரல், கிட்னி கெடுமா? தோல் புற்றுநோய் வருமா? முடி கொட்டுறதும் இதனாலயா? கொஞ்ச நாளா ராத்திரி வண்டி ஓட்டும்போது எதிர்க் கார் விளக்கைச் சுத்தி வட்டம் தெரியுது, அது வயசுக் கோளாறுன்னு விட்டுட்டேன். 16 வயசு மகளும் பருவுக்கு இதைத்தான் பூசுறா.

முதலில் அந்த விளக்கு வட்டம். கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் பதற்றம் தந்தது அந்த ஒரு வரிதான். நாளையோ மறுநாளோ கண் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். அதுவரை இரவில் வண்டி ஓட்ட வேண்டாம்.

நீங்கள் பூசும் கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முகத்தில் பூசும் ஸ்டீராய்டு முகத்தோடு நிற்பதில்லை. உடம்பிலேயே மெல்லிய தோல் கண் இமைத் தோல்தான். மருந்து அதன் வழியே உள்ளே இறங்கும். போதாததற்கு, பூசிக்கொண்டு படுத்தால் தலையணையில் தேய்ந்தும், தூக்கத்தில் கை பட்டும் கண்ணுக்குள்ளேயே போகும். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிந்து வெளியேற ஒரு சல்லடை போன்ற வழி இருக்கிறது. சிலருக்கு ஸ்டீராய்டு அந்த வழியை மெல்ல அடைக்கும். நீர் தேங்கினால் அழுத்தம் ஏறும். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அளவு அதைத் தாண்டிப் போய், பார்வை நரம்பை நசுக்கும். இதைத்தான் கிளாக்கோமா என்கிறோம். பெரும்பாலும் வலியே இருக்காது. பார்வை ஓரங்களிலிருந்து தேய்வதால் ஆளுக்கும் தெரியாது. விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிற அளவுக்கு வந்திருந்தால் ஒன்று அழுத்தம் நன்றாக ஏறியிருக்கலாம், இல்லையென்றால் ஸ்டீராய்டாலேயே வரும் கண்புரை விழத் தொடங்கியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் வெறும் கண்ணாடிப் பவர் மாற்றமாகவும் இருக்கலாம். இருந்தால் சந்தோஷம். ஆனால் அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் கண் டாக்டர், நீங்களோ நானோ இல்லை.

உங்கள் அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்ததா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா, கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடியா? இதில் ஒன்று இருந்தாலும் ஆபத்து கூடுதல். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணில் காற்று ஊதி அழுத்தம் பார்ப்பார்கள். அது தொடக்கத்துக்குச் சரி, ஆனால் அங்கே எண் நன்றாக வந்தது என்று நின்றுவிடாதீர்கள். உள்ளே நரம்பையும் லென்ஸையும் பார்த்தாக வேண்டும். தனியாரிடம் வசதியில்லை என்றால் அரசு கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லி அரசு மருத்துவமனை கண் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். “நான்கு வருடமாக முகத்தில் ஸ்டீராய்டு” என்ற வார்த்தைகளை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் கிரீமை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் அழுத்தம் தானாக இறங்கிவிடும். ஆனால் நரம்பு ஒருமுறை பட்டுப்போனால் போனதுதான்.

கல்லீரல், முடி, புற்றுநோய் மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கிட்னி பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அது பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களின் கதை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் லேபிள் இல்லாத டப்பாவில் விற்பதை வாங்கியிருந்தால் சிறுநீரில் பாதரசம் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

உங்கள் டியூப் அந்த ரகம் இல்லை. மங்குக்கென்று சென்னையிலிருந்து வருபவற்றில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன். கடைசிப் பெயர்தான் ஸ்டீராய்டு. உறையில் பொடி எழுத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பெயர் ‘சோன்’ என்றோ ‘சோல்’ என்றோ முடிந்தாலே சந்தேகப்படுங்கள். இதே வகைக் கூட்டுமருந்தை நாங்களும் மங்குக்கு எழுதுகிறோம், ஆனால் 8 வாரத்துக்கு, இடையில் வரச் சொல்லிப் பார்த்துவிட்டு. நீங்கள் பூசியது மாதம் 15 கிராம், 48 மாதம். மொத்தம் 720 கிராம். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு! அதுவும் முகத்தில். முன்கையில் பூசினால் ஒரு பங்கு உறிஞ்சப்படும் ஸ்டீராய்டு நெற்றியில் 6 பங்கும் தாடை ஓரத்தில் 13 பங்கும் உறிஞ்சப்படும் என்று 1967-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்த எரிச்சல். ஸ்டீராய்டு பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், நிறமிச் செல்களும் சோம்பிப் போகும். முகம் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். முதல் மாதம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாராட்டியிருப்பார்களே, அது இதனால்தான். வருடக்கணக்கில் தினமும் சுருக்கிவைத்த குழாய்கள், மருந்து வராத அன்று ஒரேயடியாக விரியும். அதோடு தோல் அதற்குள் மெலிந்து போயிருக்கும். அதனால்தான் சிவப்பு, சூடு, தண்ணீர் பட்டாலே எரிச்சல். பூசினால் குழாய் மறுபடி சுருங்கும், அடங்கிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். பழைய மங்குதான் திரும்பி வருகிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். மங்கு கருக்கும், எரியாது. நிறுத்திய சில நாளில் எரிந்து, பூசிய மறுநாள் அடங்கினால் அது கிரீம் செய்த நோய். ‘உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறுகிறது’ என்று இணையத்தில் பேசுபவர்களுக்கும் என் பதில் இதுதான்: வெளியேற அங்கே நஞ்சு எதுவும் இல்லை.

முகம் திரும்புமா என்பதற்கு என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். பட்டர்வொர்த்தில் தொழிற்சாலை வேலை, 38 வயது. உங்களுடையதைவிட வீரியமான குளோபெட்டசோல், 6 வருடம். அந்த மருந்தைத் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் பூசக்கூடாது, முகத்தில் பூசவே கூடாது. வந்தபோது கன்னத்தில் சிவப்பு நூல்போல் இரத்தக் குழாய்கள், ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பருக்கள், காதோரம் பூனைமுடி. கன்னத்தை விரலால் இலேசாகக் கிள்ளினால் சிகரெட் தாள்போல் சுருங்கியது. வீட்டில் மூன்று தடவை நிறுத்திப் பார்த்து மூன்று தடவையும் பத்தாம் நாளுக்குள் தோற்றிருந்தார்.

அவருக்கு மென்மையான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதத்தை 2 வாரம் தினமும், அடுத்த 2 வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுத்து நிறுத்தினேன். கூடவே ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, பருவுக்கு டாக்சிசைக்கிளின் மாத்திரை. எரியும்போது குளிர்ந்த ஈரத் துணி, அதன்மேல் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. மஞ்சள், கற்றாழை, கடலைமாவு, தேங்காயெண்ணெய் எதுவும் கிடையாது. இருந்தும் முதல் ஆறு வாரம் மோசம்தான். வீக்கத்தோடு ஒருநாள் அழுதுகொண்டே வந்தார், நெற்றித்தோல் மீன் செதில்போல் உரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் மறுபடி கிளம்பியது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சீக்கிரம் அடங்கியது. ஐந்தாம் மாதம் எரிச்சல் நின்றது, பரு போனது, தோலும் ஓரளவு தடித்தது. மூக்கோரச் சிவப்புக் குழாய்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன, அவற்றுக்கு லேசர்தான். மங்கும் திரும்ப வந்தது, அதை மறைக்க மாட்டேன். உங்களுக்கும் வரும். அதற்கு வெயில் களிம்பும் வேறு மருந்துகளும் இருக்கின்றன, தோல் ஆறிய பிறகு.

இதைப் படித்துவிட்டு நாளைக்குப் பார்மசியில் ஹைட்ரோகார்ட்டிசோன் வாங்கிவிடாதீர்கள். யாருக்கு எத்தனை வாரம் என்பது முகத்தைப் பார்த்துச் சொல்வது, கண் அழுத்தம் ஏறியிருந்தால் அதுவும் கூடாது என்பேன். நீங்கள் இன்றிரவோடு டியூபை நிறுத்துங்கள். மூன்றாம் நாள் எரியும், தெரிந்ததுதான். எரிச்சலால் ஆபத்தில்லை, கண்ணால் உண்டு. அந்த வாரத்துக்குள் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எரிச்சலுக்கு நடுவே கொத்தாக வலிக்கும் சிறு கொப்புளங்கள், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தால் மட்டும் அன்றே போக வேண்டும்.

கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்று கேட்பீர்கள். மலேசியாவில் பதிவான மருந்து என்றால் உறையில் MAL என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். உங்கள் டியூபில் தேடிப் பாருங்கள். அழகுப் பொருளுக்கு NOT என்று தொடங்கும் எண் உண்டு, ஆனால் அதை வைத்துத் தைரியப்பட முடியாது. அது விற்பவர் தெரிவித்ததற்கான எண், யாரும் உள்ளே சோதித்துப் பார்த்துக் கொடுத்ததல்ல. அப்படி எண் வாங்கிய கிரீம்களிலேயே பின்னால் ஸ்டீராய்டு கண்டுபிடித்து ரத்து செய்திருக்கிறார்கள். இந்தியாவிலும் 2018-லேயே இத்தகைய களிம்புகளைச் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கடைக்குக் கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்காது.

மகளுக்கு அது பரு மருந்தே அல்ல. சிவப்பை ஒரு வாரம் அமுக்கிவிட்டு, பிறகு அதுவே பருவைக் கிளப்பும். அவள் எத்தனை மாதமாகப் பூசுகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள், திட்டாமல் கேட்டால் சரியான கணக்கு வரும். டியூபை எறிய வேண்டாம், உறையோடு பையில் போட்டுக் கண் டாக்டரிடம் காட்டுங்கள். மகளையும் கூட்டிப் போய் அவள் கண் அழுத்தத்தையும் அன்றே அளக்கச் சொல்லுங்கள்.