பகிர்வு விகிதம் சரியாக இருந்தும் தவறாகப் போன ஒரு பொதுச் செலவுக் கணக்கு

கேள்வி: மூன்று திட்டங்களுக்கிடையே பொதுச் செலவைப் பிரித்த கணக்கைத் தணிக்கை செய்கிறேன். விகிதங்களைக் கூட்டினால் 100 வருகிறது, பெருக்கலும் சரி. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: இதே இரண்டையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு மேலே அனுப்பிய கோப்பு ஒன்று, ஓரத்தில் பென்சிலால் எழுதிய "ஏழாவது மாதம் ஏன்?" என்ற கேள்வியோடு என் மேசைக்கே திரும்பி வந்தது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த நிறுவனத்தின் பொதுச் செலவு மாதம் 1,00,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்களை எளிமையாக்கியிருக்கிறேன். முதல் ஆறு மாதம் ஆள் எண்ணிக்கைப்படி அ திட்டத்துக்கு 20, ஆ திட்டத்துக்கு 30, இ திட்டத்துக்கு 50 விழுக்காடு எனப் பிரித்தார்கள். ஏழாவது மாதத்திலிருந்து டைம்ஷீட்டில் பதிவான வேலை மணிநேரப்படி 20, 45, 35 என்று பிரித்தார்கள். நான் சம்பளப் பட்டியலை எடுத்து ஆள் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன், அது பொருந்தியது. மணிநேரத்தை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன்; அதுவும் பொருந்தியது. எண் ஒவ்வொன்றும் உண்மையாக இருந்ததால்தான் ஏமாந்தேன். பிழை எண்ணில் இல்லை, எந்த அரையாண்டுக்கு எந்த எண்ணை எடுப்பது என்ற தேர்வில் இருந்தது.

கோப்பு திரும்பி வந்த பிறகு செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்வேன்: ஆண்டு முழுவதையும் ஓர் அடிப்படையில் ஒரு முறையும், மற்றோர் அடிப்படையில் ஒரு முறையும் போட்டுப் பாருங்கள். ஆ திட்டத்தின் மீது உண்மையில் எழுதப்பட்ட பற்று முதல் பாதியில் 1,80,000, இரண்டாம் பாதியில் 2,70,000, ஆக 4,50,000. பன்னிரண்டு மாதமும் ஆள் எண்ணிக்கைப்படி பிரித்திருந்தால் 3,60,000தான் வந்திருக்கும். முதல் பாதியில் அத்திட்டத்தில் வேலை மந்தமாக நடந்ததால் அதன் மணிநேரப் பங்கு 21 விழுக்காடுதான்; ஆகவே பன்னிரண்டு மாதமும் மணிநேரப்படி பிரித்திருந்தாலும் 3,96,000க்கு மேல் வந்திருக்காது. அதாவது எந்த ஓர் அடிப்படையைத் தொடர்ந்து பின்பற்றியிருந்தாலும் வராத அளவுக்குப் பெரிய தொகை, இரண்டையும் ஒட்டவைத்ததால் வந்தது. ஒவ்வொரு பாதியிலும் எது கூடுதலோ அது அத்திட்டத்தின் தலையில் விழுந்திருக்கிறது.

இப்படி ஒரு சாய்வு தெரிந்தால், அதனால் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். ஆ திட்டத்துக்கு நிதி அளித்தவர், ஆன செலவை அப்படியே ஈடுகட்டுபவர். இ திட்டத்துக்கோ உச்சவரம்பு உண்டு. அது ஏறக்குறைய எட்டப்பட்டுவிட்டது. மாற்றத்தால் இ திட்டத்தின் மீதான பற்று 90,000 குறைந்தது, ஆ திட்டத்தில் அதே 90,000 கூடியது. அ திட்டத்தின் பங்கு இரண்டு முறையிலும் 20 ஆகவே இருந்ததால் அங்கிருந்து முணுமுணுப்பு எதுவும் வரவில்லை.

பகிர்வு அடிப்படையை மாற்றுவதே குற்றம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சேவையை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதை மணிநேரம் மேலும் நன்றாகக் காட்டலாம். அப்படியானால் மாற்றுவது நியாயமே. ஆனால் அந்த முடிவு மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும், நிதி ஒப்பந்தம் அதற்கு இடம் தர வேண்டும், ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் என்ன வேறுபாடு வரும் என்பதையும் காட்டியிருக்க வேண்டும். எங்களுக்குத் தரப்பட்ட ஒப்புதல் குறிப்பில் ஏழாவது மாதத் தேதி இருந்தது. ஆனால் அந்தக் கோப்பு கணினியில் முதலில் உருவானது பதினொன்றாம் மாதத்தில். ஏழு முதல் பத்து வரையிலான மாதங்களை மணிநேரத்துக்கு மாற்றிய ஜர்னல் பதிவுகளும் பேரேட்டில் அதே வாரத்தில்தான் ஏறியிருந்தன. ஆகவே அடிப்படை எப்போது மாறியது என்பதைக் குறிப்பில் தேடாமல், பதிவு ஏறிய நாளில் தேடுங்கள். பகிர்வுத் தாளைச் சூத்திரங்கள் இல்லாமல் வெறும் மதிப்புகளாக ஒட்டித் தந்தால், மூலக் கோப்பைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள். "தணிக்கையாளருக்குக் கூட்டல் சரியாக இருந்தால் போதாதா?" என்று என்னிடம் கேட்டவர்கள் தந்தது அப்படிப்பட்ட தாள்தான்.

ஆண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்திருந்த கொள்கை ஆள் எண்ணிக்கையைத்தான் சொன்னது என்பதால், அதன்படியே முழு ஆண்டையும் திருத்தச் சொன்னோம். 90,000 மீண்டும் இ திட்டத்துக்குப் போனது. அங்கே உச்சவரம்பைத் தாண்டிய பகுதியை நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்து ஏற்றுக்கொண்டது.