மைண்ட் மேப் போட்டோவைப் பட்டியலாக்குவது: கேள்வி பதில்

போட்டோவைப் பார்த்துப் பட்டியல் எழுதினால் எது எந்த நிலை என்று குழம்புகிறது. எங்கே தொடங்குவது?

சொல்லை விடுங்கள், கோட்டைப் பாருங்கள். ஒரு சொல்லில் விரல் வைத்து, கோடு வழியாகவே நடுவுக்கு வாருங்கள். கடந்த கோடுகளின் எண்ணிக்கைதான் அதன் நிலை.

நண்பர் ஒருவர் வீடு மாறுவதற்காக ஒரு மேப் வரைந்தார். தாளின் ஓரம் வந்துவிட்டதால் ‘கண்ணாடிப் பாத்திரம்’ என்பதைக் கோட்டை வளைத்து நடுவட்டத்தை ஒட்டி எழுதிவிட்டார். தட்டச்சு செய்தவர் அதை முதல் நிலையில் போட்டார். கோட்டை எண்ணினால் மூன்று:

```
வீடு மாற்றம்
	சாமான்
		சமையலறை
			கண்ணாடிப் பாத்திரம்
	காகிதங்கள்
		ஒப்பந்தம்
```

அப்புறம், ஒரு கிளையை நுனிவரை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும். முதல் நிலை எல்லாம், இரண்டாம் நிலை எல்லாம் என்று சுற்றிச் சுற்றி எழுதினால் யார் யாருக்குப் பிள்ளை என்பது தொலைந்துவிடும்.

ஒரே நிறம் என்றால் ஒரே நிலைதானே? நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி. நிறம் எந்தக் கிளை என்று சொல்லும், எவ்வளவு ஆழம் என்று சொல்லாது. மஞ்சள் விளக்கில் எடுத்த போட்டோவில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகிவிடும், அதுவும் போச்சு.

என் கையெழுத்து மோசம். மைண்ட் மேப் வரைய எந்தப் பேனா நல்லது?

அது வேறு கேள்வி. தாளுக்கு நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள், அது போதும்.

‘ஒப்பந்தம்’ என்பதிலிருந்து ‘சாமான்’ கிளைக்கு ஒரு புள்ளிக்கோட்டு அம்பு போகிறது. இரண்டு இடத்திலும் எழுதவா?

வேண்டாம். முளைத்த இடத்தில் மட்டும் எழுதி, பக்கத்தில் ‘பார்க்க: சாமான்’ என்று குறியுங்கள். இரண்டு தடவை எழுதினால் சரிபார்க்க முடியாது. போட்டோவில் எத்தனை சொல்லோ பட்டியலில் அத்தனை வரி இருக்கவேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் இடம் மாறியிருக்கலாம். அதனால் டேப் வைத்து உள்தள்ளிய பட்டியலை Freeplane என்ற மைண்ட் மேப் மென்பொருளில் ஒட்டுங்கள்; கிளைகளாகவே விரியும். போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு முனையிலும் பிரியும் கோடுகளை ஒப்பிடுங்கள்.

நடுவுக்குப் பக்கத்தில் இருப்பது முதல் நிலைதானே?

இல்லை. கண்ணாடிப் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள்.

கோட்டின் மேலேயே எழுதிய சொல் ஒரு நிலையா?

எல்லாச் சொல்லும் கோட்டின் மேல் இருந்தால், ஆம். மற்றவை வட்டத்துக்குள் இருக்க, இது மட்டும் இரண்டு வட்டங்களுக்கு நடுவே கோட்டில் இருந்தால், உறவைச் சொல்லும் குறிப்பு, நிலையாக எண்ணமாட்டேன்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘ஒப்பந்தம்’, ‘சாவி’ இடையே கோட்டில் ‘முடிந்தபின்’ என்று இருக்கிறது. விட்டால் அர்த்தமே போகிறதே?

விடச் சொல்லவில்லை. ‘சாவி (முடிந்தபின்)’ என்று அதே வரியில் வையுங்கள். சொல்லை எண்ணும்போது அதைச் சேர்க்காதீர்கள்.

அந்தக் கோட்டிலிருந்தே இன்னொரு கிளை பிரிந்தால்?

அப்போது உங்கள் பக்கம்தான் பலம். வரைந்தவரையே கேளுங்கள்.