தொலைந்த கார்டு எப்போது செத்துப்போகும்? சிறிய ஹோட்டல்களின் அறைச் சாவி பற்றிய கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கார்டு தொலைந்தது பற்றித்தான். கீழே கார்டு பற்றிச் சொல்லியிருப்பது பேட்டரியில் ஓடும், ரிசப்ஷன் கணினியோடு எந்தத் தொடர்பும் இல்லாத கதவுப் பூட்டுகளுக்குப் பொருந்தும். சிறிய ஹோட்டல்களில் பெரும்பாலும் இருப்பது அந்த வகைதான்.

விருந்தினர் ஒருவர் கார்டைத் தொலைத்துவிட்டார். உடனே வேறு கார்டு போட்டுக் கொடுத்துவிட்டோம். பழையது இனி வேலை செய்யாது அல்லவா?

செய்யும். ரிசப்ஷனில் கார்டு எழுதும்போது கதவுக்கு ஒரு தகவலும் போவதில்லை. கதவுப் பூட்டுக்குத் தெரிந்ததெல்லாம் தன்னிடம் காட்டப்படும் கார்டில் இருப்பது மட்டும்தான். புதிய எண் அல்லது புதிய நேரம் கொண்ட கார்டு முதல் முறை கதவில் படும்போதுதான் பூட்டு அதைப் படித்து, அதற்கு முந்தையதை ஒதுக்குகிறது. உங்கள் விருந்தினர் புதிய கார்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டால், அவர் திரும்பி வந்து கதவைத் தொடும்வரை தொலைந்த கார்டு உயிரோடுதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. 204ஆம் அறையில் ஒரு தம்பதி, ஆளுக்கு ஒரு கார்டு. கணவர் தன்னுடையதைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறார். ரிசப்ஷனில் இருப்பவர் அவசரத்தில் 'டூப்ளிகேட்' என்பதை அழுத்தி ஒன்று போட்டுத் தருகிறார். கதவு திறக்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் டூப்ளிகேட் என்பது பழைய கார்டின் நகல். அது கதவில் பட்டாலும் பூட்டுக்குப் புதிய செய்தி எதுவும் இல்லை. தொலைந்த கார்டு செக்-அவுட் நேரம்வரை அந்த அறையைத் திறந்துகொண்டே இருக்கும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். முதலில் 'புதிய கார்டு' ஒன்று போடுங்கள். மென்பொருளில் இதன் பெயர் மாறலாம். புதிய விருந்தினர் வரும்போது எதை அழுத்துவீர்களோ அதே தேர்வுதான். பிறகு அந்தப் புதியதிலிருந்து மனைவிக்கு ஒரு டூப்ளிகேட். அவரிடம் உள்ள பழைய கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஊழியர் ஒருவர் கூடவே கதவுவரை போக வேண்டும். புதிய கார்டால் கதவைத் திறந்து மூடிய பிறகு, மனைவியின் பழைய கார்டைக் காட்டிப் பாருங்கள். அதுவும் தொலைந்ததும் ஒரே குறியீடு கொண்டவை. சிவப்பு விளக்கு எரிந்தால் தொலைந்ததும் செத்துவிட்டது என்று பொருள். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையும் நடக்கும். இருவருக்கும் 'புதிய கார்டு' என்றே இரண்டு போட்டுவிட்டால், இரண்டாவதாக எழுதியது கதவில் பட்டதும் முதலாவது செத்துவிடும். "அவங்க கார்டு திறக்குது, என்னோடது திறக்கலை" என்று புகார் வரும். பூட்டு பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்ட ஹோட்டல்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

கார்டு தொலைந்தது என்று வருபவரின் அடையாள அட்டையும் அறைக்குள்தான் இருக்கிறதாம். என்ன செய்வது?

அடிக்கடி நடப்பதுதான். நீச்சலுடையில் நிற்பவரிடம் பர்ஸ் எப்படி இருக்கும்? முதலில் பதிவுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். "நீங்கள்தானே 204, இன்ன பெயர்?" என்று கேட்டால் பதிலை நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். பெயர், முகவரி, என்று வந்தீர்கள், எத்தனை பேர் என்று அவரையே சொல்ல விடுங்கள்.

பதில்கள் பொருந்தினால் கார்டை அவர் கையில் கொடுக்காமல், ஊழியர் ஒருவர் உடன் போய்த் தன் கார்டால் கதவைத் திறக்க வேண்டும். ஊழியர் திறந்த கதவருகிலேயே நிற்பார், விருந்தினர் உள்ளே போய் அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவார். பெயரும் முகமும் பொருந்திய பிறகுதான் புதிய கார்டு. அட்டை கிடைக்கவில்லை என்றால் இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு ரிசப்ஷனுக்கே திரும்ப வேண்டும். இது கொஞ்சம் கடுமையாகத் தெரியும். ஆனால் உண்மையான விருந்தினர் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. கூட வந்து கதவைத் திறந்துவிடுவதை உபசரிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

"நான் அவருடைய மனைவி" என்று வருபவரின் பெயர் பதிவில் இல்லையென்றால், பதிவில் உள்ளவரைத் தொலைபேசியில் பிடித்து அவர் சரி என்று சொன்ன பிறகே கார்டு. உங்களிடம் உள்ள எண்ணைத்தான் நீங்கள் அழைக்க வேண்டும், வந்தவர் தரும் எண்ணை அல்ல.

ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருவர் மாஸ்டர் கார்டைத் தொலைத்துவிட்டார். "துணி மூட்டையில் இருக்கும், நாளைக்குக் கிடைத்துவிடும்" என்கிறார். காத்திருக்கலாமா?

வேண்டாம். தேடுவதும் மாற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். விருந்தினர் கார்டு ஒரு கதவைத் திறக்கும். இது எத்தனை திறக்கும் என்பதுதான் முதல் கேள்வி. 24 அறை, மூன்று மாடி என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு ஒரு மாஸ்டர் என்று பிரித்திருந்தால் 8 கதவுகளோடு வேலை முடிந்தது. எல்லாம் திறக்கும் ஒரே மாஸ்டரைக் கொடுத்திருந்தால் 24 அறைகளோடு துணி அறை, ஸ்டோர், பின்வாசல் என்று பூட்டு இருக்கும் அத்தனை கதவுக்கும் நடக்க வேண்டும். ஏனென்றால் இங்கேயும் அதே விதிதான்: புதிய மாஸ்டரோ, ரத்து செய்யும் கார்டோ கதவில் பட்டால்தான் பழையது சாகும்.

ஒரு தாளில் எல்லாக் கதவுகளையும் எழுதி, முடிந்ததை டிக் அடித்துக்கொண்டே போங்கள். தட்டிச் சொல்லிவிட்டுத்தான் கார்டைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் பயந்துபோவார். வரிசை முக்கியம். சாமான் உள்ளே இருந்து ஆள் வெளியே போயிருக்கும் அறைகள்தான் முதலில். ஆள் உள்ளே இருந்து உள்தாழ்ப்பாளும் போட்டிருந்தால் சாதாரண மாஸ்டர் பெரும்பாலான பூட்டுகளில் திறக்காது. அவசரகால கார்டு மட்டுமே திறக்கும். எனவே அந்த அறைகள் கடைசியில் வரலாம். காலி அறை நடுவில்.

சோதனைக்கு, தொலைந்ததன் அதே குறியீடு கொண்ட இன்னொரு பழைய மாஸ்டரை, அதாவது வேறொரு ஊழியரிடம் இருந்ததை, கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவிலும் புதியதைக் காட்டிய பின் பழையதைக் காட்டினால் சிவப்பு வர வேண்டும். பச்சை வந்தால் அந்தக் கதவு மாறவில்லை. 'தொந்தரவு செய்யாதீர்' என்று மாட்டியிருந்ததால் விட்டுவிட்ட ஒரே ஒரு அறைதான் பின்னால் தலைவலியாக வரும். அதனால் டிக் இல்லாத கதவுகளை அடுத்த ஷிஃப்டிடம் கைமாற்றி எழுதிக் கொடுங்கள்.

ஷிஃப்ட் முடியும்போது கார்டை எண்ணி வாங்கி, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால் தொலைந்தது அன்றே தெரிந்திருக்கும். சீருடையோடு வீட்டுக்குப் போகும் மாஸ்டர்தான் அதிகம் தொலைகிறது.

அறையில் கேமரா காணவில்லை என்கிறார் விருந்தினர். பூட்டின் பதிவைப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடுமா?

எந்தக் கார்டு எப்போது திறந்தது என்று தெரியும். யார் என்பது நீங்கள் கார்டைக் கொடுத்த விதத்தைப் பொறுத்தது. மூன்று பேருக்கும் ஒரே மாஸ்டர் என்றால் பதிவும் ஒரே பெயரைத்தான் சொல்லும்.

நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் நடந்தது. விருந்தினர் காலை 10 மணிக்குப் போனார், மாலை 4க்கு வந்தார், கேமரா இல்லை. பதிவில் 10.10க்கு ஹவுஸ்கீப்பிங், 1.45க்கு விருந்தினர் கார்டு. துப்புரவுப் பெண்ணோ தான் போனது 10.45க்கு என்றார். பொய் சொல்கிறார் என்று எல்லோரும் முகம் திருப்பினார்கள். பூட்டின் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் அது 35 நிமிடம் பின்தங்கியிருந்தது! அவர் சொன்ன நேரம் சரி. அப்படியானால் 1.45 என்பது உண்மையில் 2.20. அந்த நேரத்தில் விருந்தினரின் மகன் இரண்டாவது கார்டோடு வந்து கேமராவை எடுத்துப் போயிருக்கிறான். நல்லவேளை, போலீஸுக்கு முன்பு கடிகாரத்தைப் பார்த்தோம்.

ஆகவே புகார் வந்ததும் வேறு கார்டுகளை அந்தக் கதவில் காட்டாமல், கையடக்கக் கருவியால் பதிவை எடுத்து, பூட்டின் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதே தாளில் எழுதுங்கள். பூட்டு குறிப்பிட்ட எண்ணிக்கை பதிவுகளைத்தான் நினைவில் வைக்கும், பழையவை மேலெழுதப்படும். தாமதித்தால் போய்விடும்.

அப்புறம், பதிவில் யாரும் இல்லை என்பதால் யாரும் நுழையவில்லை என்று ஆகிவிடாது. கதவு முழுதாகச் சாத்தாமல் நின்றிருந்தால் கார்டே தேவையில்லை. ஒரு கை அகலம் திறந்து விட்டுப் பாருங்கள். தானாகப் போய் 'க்ளிக்' என்று விழ வேண்டும். விழாத கதவுகளை எண்ணிப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள்.

சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது "இது என் அறை" என்று ஒருவர் உள்ளே வந்தால்?

"உங்கள் கார்டைக் கதவில் ஒருமுறை காட்டுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். பச்சை எரிந்தால் வரலாம். கார்டு இல்லை என்றால் ரிசப்ஷனுக்கு. துப்புரவு ஊழியர் அதற்கு மேல் முடிவெடுக்க வேண்டியதில்லை.

செல்போனோடு வைத்தால் கார்டு கெட்டுவிடுமா?

காந்தப் பட்டை கொண்ட பழைய வகை கெடலாம், முக்கியமாகக் காந்தம் வைத்த போன் உறைகளில். தொட்டால் திறக்கும் சிப் கார்டு காந்தத்தால் கெடாது. அது திறக்கவில்லை என்றால் முதலில் செக்-அவுட் தேதி தவறாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து பூட்டின் பேட்டரி. நான்கு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். மாற்றியதும் கடிகார நேரத்தைச் சரிபாருங்கள். சில பூட்டுகளில் அது நின்று போயிருக்கும்.

எங்களிடம் இன்னும் இரும்புச் சாவிதான். ஹோட்டல் பெயரும் அறை எண்ணும் பொறித்த வளையத்தோடு.

வளையத்தை இன்றே கழற்றுங்கள். கண்டெடுப்பவருக்கு அது வழிகாட்டி. எண்ணுக்குப் பதில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறியீடு போதும். சாவி தொலைந்தால் டூப்ளிகேட் வெட்டுவதோடு நிறுத்தாமல் பூட்டின் உள்ளுருளையை மாற்ற வேண்டும். வேறு சாவி கொண்ட உருளைகள் இரண்டு மூன்று எப்போதும் கையிருப்பில் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரோடு பத்து நிமிட வேலை. கழற்றிய உருளையைத் தூக்கி எறிய வேண்டாம். சில மாதம் கழித்து வேறு மாடியில் வேறு அறைக்குப் போடலாம். எது எங்கே போனது என்று மட்டும் எழுதி வையுங்கள்.