தேங்கிய நீரும் தழைச்சத்து இழப்பும்

நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணின் தழைச்சத்தான நைட்ரஜன் காற்றில் போய்விடுமாமே, எப்படி?

நீர் தேங்கிய சில நாள்களில் நுண்ணுயிரிகள் மண்ணின் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, நீரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மேலடுக்கில் மட்டுமே அது மிஞ்சுகிறது. தூவிய யூரியாவிலிருந்து உண்டாகும் அம்மோனியம் அந்த மெல்லடுக்கில் நைட்ரேட்டாகிறது. எதிர்மின்னூட்டமுள்ள களிமண்ணால் பிடித்துவைக்க முடியாத நைட்ரேட் கீழே பரவி ஆக்சிஜனற்ற அடுக்கை அடைந்ததும், அங்குள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக அதைச் சுவாசித்து நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகின்றன.

தொடர்ந்து நீர் நிற்கும் வயலில் இவ்வழியில் வெளியேறுவது பெரும்பாலும் தீங்கற்ற நைட்ரஜன் வாயுதான். வயல் காய்ந்து மீண்டும் நிறைந்தால், காய்ந்த நாள்களில் சேர்ந்த நைட்ரேட் விரைவில் சிதைந்து, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் கூடுதலாக வெளிவரும். யூரியாவை மேலே தூவாமல் ஆக்சிஜனற்ற ஆழத்தில் வைத்தால், அது அம்மோனியமாகவே வேருக்காகத் தங்கும்.