அங்கிளுக்கு விளங்குகிற மாதிரி ஒரு ஈமெயில்

“வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் குழுவின் செயலாளர் நான். லிப்ட் திருத்த எல்லா வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். கண்டியில் மகளோடு இருக்கும் 76 வயது அங்கிளுக்கு, ‘இணைப்பிலுள்ள பீடிஎஃப் படிவத்தில் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்து அனுப்பவும்’ என்று மூன்று தரம் எழுதிவிட்டேன். ‘கிடைத்தது தம்பி’ என்று மட்டும் பதில் வருகிறது. எப்படி எழுதினால் விளங்கும்?”

அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஈமெயிலைத் திறக்கவும் பதில் எழுதவும் அவருக்குத் தெரியும். தடை அதற்கு அப்புறம்தான். உங்கள் ஒரு வரிக்குள் ஐந்து வேலைகள் ஒளிந்திருக்கின்றன: இணைப்பைத் திறப்பது, பிரின்ட் எடுப்பது, கையொப்பமிடுவது, ஸ்கேன் செய்வது, திரும்ப இணைப்பது. வீட்டில் பிரின்டர் இல்லாவிட்டால் இரண்டாவதிலேயே நின்றுவிடுவார்.

ஆகவே முதலில் வேலையைக் குறையுங்கள். வெள்ளைத் தாளில் கையால் எழுதிய சம்மதம் போதுமா என்று குழுவிடம் கேளுங்கள். போதும் என்றால் பிரின்டும் ஸ்கேனும் போய்விடும். படிவமேதான் வேண்டுமென்றால் அதைத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

பிறகு மகளிடம் ஒரு கேள்வி: அங்கிள் பார்ப்பது போனிலா, கணினியிலா? போனில் ஜிமெயில் என்றால், பழைய கடிதத் தொடரில் போடாமல் புதிதாக இப்படி எழுதலாம்:

அங்கிள், லிப்ட் திருத்த உங்கள் சம்மதம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் போதும்.

1. வெள்ளைத் தாளில் “லிப்ட் திருத்தச் சம்மதிக்கிறேன்” என்று எழுதி, பெயர், வீட்டு இலக்கம், திகதி போட்டுக் கையொப்பம் வையுங்கள்.

2. அந்தத் தாளைப் போனில் படம் எடுங்கள்.

3. இந்தக் கடிதத்துக்குத் திரும்பி வந்து, அடியில் உள்ள Reply என்ற சொல்லைத் தொடுங்கள். எழுதுவதற்கு வெற்றிடம் வரும்.

4. பேப்பர் கிளிப் போன்ற படத்தைத் தொட்டு, நீங்கள் எடுத்த படத்தைத் தெரிவு செய்யுங்கள். தாளின் படம் கடிதத்துக்குள் தெரியும்.

5. வலது பக்கத்தில் உள்ள அம்பு போன்ற படத்தைத் தொடுங்கள். கடிதம் எனக்கு வந்துவிடும்.

எங்கேயாவது நின்றுவிட்டால் அப்படியே விட்டுவிட்டு எனக்குப் போன் எடுங்கள்.

கீழே உங்கள் இலக்கத்தைப் போடுங்கள். தொட்ட பிறகு என்ன தெரியும் என்று மூன்றாவது, நான்காவது படிகளில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். சரியாகத்தான் செய்தோமா என்ற பயத்தில்தான் பலர் பாதியில் மூடிவிடுகிறார்கள். கிளிப்பைத் தொட்டதும் வரும் பட்டியல் போனுக்குப் போன் வேறுபடும். அதனால் மகளிடம் அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் உள்ள சொல்லையே நான்காவது படியில் எழுதுங்கள்.

அட்டவணை, நிற எழுத்து எதுவும் வேண்டாம். அட்டவணை சின்னத் திரையில் சுருங்கிவிடும். அனுப்பும் முன் உங்களுக்கே ஒன்று அனுப்பி, போனில் எழுத்தைப் பெரிதாக்கி வாசித்துப் பாருங்கள். அனுப்பியதும் அங்கிளுக்குப் போன் எடுத்து, “நான்தான் அனுப்பினேன், கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை” என்று சொல்லிவிடுங்கள். மோசடிக் கடிதங்களுக்குப் பயந்திருப்பவருக்குத் தெரிந்த குரல் வேண்டும்.