முகம் எரிந்தது ஒவ்வாமையால் அன்று. வாங்கிய மாத்திரை வேறு

"பருவுக்கும், வெயிலில் தோல் கெடாமல் இருக்கவும் வைட்டமின் பி3 தினம் இரண்டு வேளை 500 மி.கி. எடுத்தால் நல்லது என்று படித்துவிட்டு, இணையத்தில் 'நியாசின் 500' வாங்கினேன். முதல் மாத்திரை போட்ட 20 நிமிடத்தில் முகமும் கழுத்தும் சிவந்து நெருப்பாக எரிந்தன. விற்றவரிடம் கேட்டால், மருந்து வேலை செய்கிறது, நிறுத்தாதீர்கள் என்கிறார். தொடரலாமா?"
வாசகி, திருச்சி

தொடர வேண்டாம். நீங்கள் படித்தது நிகோடினமைடைப் பற்றி. விழுங்கியது நிகோடினிக் அமிலம். இரண்டும் வைட்டமின் பி3 என்ற ஒரே பெயருக்குள் வந்தாலும், இவ்வளவு பெரிய அளவில் உடலுக்குள் போகும்போது அவை இரு வேறு மருந்துகள். நிகோடினிக் அமிலம் தோலில் உள்ள சில செல்களைத் தூண்டிப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கச் செய்கிறது; அதனால் இரத்தக் குழாய்கள் விரிந்து, முகமும் கழுத்தும் சிவந்து எரிகின்றன. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தானாகத் தணிந்துவிடும். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நிகோடினமைடு அந்தச் செல்களை அவ்வாறு தூண்டுவதில்லை என்பதால் இந்த எரிச்சலைத் தருவதில்லை.

"வேலை செய்கிறது" என்று விற்றவர் சொன்னது பொறுப்பற்ற பேச்சு. அந்தச் சிவப்புக்கும் பரு ஆறுவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நிகோடினிக் அமிலம் இரத்தக் கொழுப்பைக் குறைப்பதற்காக மருத்துவர் கண்காணிப்பில் தரப்பட்டு வந்த மருந்து. அதிக அளவில் கல்லீரலைப் பாதிக்கும், இரத்தச் சர்க்கரையையும் யூரிக் அமிலத்தையும் கூட்டும்.

இந்தக் குழப்பத்துக்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பொருளையும் 'நியாசின்' என்ற ஒரே சொல்லால் அச்சிட லேபிள் விதிகள் இடம் கொடுக்கும் வரை, உங்களைப் போல எரிந்த முகத்துடன் ஆட்கள் என்னிடம் வந்துகொண்டுதான் இருப்பார்கள். ஆகவே முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாமல், பின்பக்கத்தில் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். நியாசினமைடு அல்லது நிகோடினமைடு என்று இருந்தால் அதுவே நீங்கள் தேடியது. நிகோடினிக் அமிலம் என்றோ, வேறு விளக்கமின்றி நியாசின் என்றோ மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்து உங்களிடம் அதைத்தான் விற்பார்கள். 'எரிச்சல் தராத நியாசின்' என்று ஒரு வகை கிடைக்கிறது. எரியவில்லை என்பதால் அது நிகோடினமைடு என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் அது இனோசிட்டால் ஹெக்ஸாநிகோடினேட். நிகோடினிக் அமிலத்தின் ஆறு மூலக்கூறுகளை இனோசிட்டாலுடன் பிணைத்த பொருள். அமிலம் மிகக் குறைவாகவும் மெதுவாகவும் பிரிவதால்தான் எரிவதில்லை. சில தயாரிப்பாளர்கள் அதே பெயரில் நிகோடினமைடையே அடைத்தும் விற்கிறார்கள். அதாவது, ஒரே பெயர் கொண்ட இரண்டு டப்பாக்களில் இரண்டு பொருள்கள் இருக்கலாம். இங்கும் பின்பக்கத்துச் சிறிய எழுத்துதான் தீர்ப்புச் சொல்லும்.

தோல் பாதுகாப்புக்கு 500 மி.கி. இரு வேளை என்ற அளவு ஆஸ்திரேலியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. அதில் பங்கேற்ற 386 பேரும் முந்தைய 5 ஆண்டுகளில் குறைந்தது இரண்டு முறை தோல் புற்றுநோய் (மெலனோமா அல்லாத வகை) கண்டவர்கள். ஓராண்டு நிகோடினமைடு எடுத்தவர்களுக்குப் புதிய புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன; நிறுத்தியதும் அந்தப் பயன் மறைந்தது. அப்படி எந்த வரலாறும் இல்லாத, மாநிறத் தோலுடைய உங்களுக்கு அந்த முடிவு பொருந்தாது. அது சன்ஸ்கிரீனுக்கு மாற்றும் அன்று.

பருவுக்கு மாத்திரையை விட ஜெல்லுக்கே கூடுதல் ஆதாரம் உண்டு. 4 சதவீத நிகோடினமைடு ஜெல்லை, பருவின் மீது மட்டும் புள்ளி வைக்காமல் பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிய படலமாக, காலையும் இரவும் 8 வாரம் தடவுங்கள். சிவந்த, சீழ் வைத்த பருக்கள் குறையும். தோல் துளை அடைத்துக் கருத்த முனையுடன் வரும் கரும்புள்ளிகளுக்கு இது மட்டும் போதாது, அதற்கு அடாபலீன் போன்ற தடவு மருந்து வேண்டியிருக்கும். கட்டியாக, வலியுடன் வரும் பருவானால் 8 வாரம் காத்திராமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மருந்துக் கடையில் கேட்கும்போது கவனமாக இருங்கள். நிகோடினமைடு ஜெல் கேட்டால், கிளின்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த ஜெல்லை எடுத்து நீட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அதை மட்டுமே மாதக்கணக்கில் தடவினால் பருக் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காமல் போகும். அதைவிட மோசம், "சீக்கிரம் கேட்கும்" என்று கொடுக்கப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு; ஒரு வாரம் முகம் பளபளக்கும், விட்டதும் பரு இரு மடங்காகத் திரும்பும். குழாயில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தாலும் பணத்தைக் கொடுக்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.